மஞ்சள் அழுகிய ஆண்டில் வங்கிக்கு எழுத வேண்டிய கடிதம்

கேள்வி: ஐயா, எங்களுக்கு மொடக்குறிச்சிப் பக்கம் ஐந்து ஏக்கர் பூமி. மூன்று ஏக்கரில் மஞ்சள் வைத்ததில் கிழங்கு அழுகல் வந்து, அறுபது குவிண்டாலுக்கு மேல் எடுக்கிற இடத்தில் இந்தத் தடவை இருபத்து நான்குதான் தேறியது. வெட்டுக் கூலி, வேகவைப்பு, மெருகு எல்லாம் போகக் கையில் 2,40,000 ரூபாய் இருக்கிறது. வங்கியில் பயிர்க்கடன் 2,00,000 இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய டிராக்டர் கடனில் 4,20,000 பாக்கி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அசல் 70,000, வட்டி தனி. இரண்டுக்குமே மார்ச் கடைசியில் தவணை. தவணையை மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் கொடுக்கலாம் என்கிறார்கள். என்ன எழுதுவது, எப்படிக் கேட்பது? மீதியில் ஓர் ஏக்கர் தென்னை, ஓர் ஏக்கர் தீவனப் புல்; இரண்டு கறவை மாடும் உண்டு. டிராக்டர் கடனுக்கு என் மச்சான் ஜாமீன்.
— ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: கடிதத்தை மார்ச் மாதம் பிறப்பதற்குள் கொடுத்துவிடுங்கள். தவணை நாளுக்கு முன்னால் வரும் கடிதத்தை வங்கி ஒரு விண்ணப்பமாகப் பார்க்கும். தவணை தவறி, நினைவூட்டல் அறிவிப்பு வந்த பிறகு அதே கடிதம் போனால், அதிலுள்ள ஒவ்வொரு காரணமும் சாக்காகத்தான் படும். வேளாண் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படிக்கும் கிளை மேலாளர் பெரும்பாலும் தாமே முடிவெடுப்பவர் அல்லர். அவர் அதை வைத்து ஒரு குறிப்பு எழுதி மண்டல அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் தோட்டத்தைப் பார்த்திராத ஓர் அலுவலர் அந்தக் குறிப்பை மட்டும் படித்து ஒப்புதல் தருவார். ஆகவே, மேலாளர் தம் குறிப்பில் அப்படியே எடுத்து எழுதக்கூடிய தொகைகளும் தேதிகளும் உங்கள் கடிதத்தில் இருக்க வேண்டும். குடும்பக் கஷ்டத்தை இரண்டு பக்கம் எழுதினால் அவரால் எடுத்தாள ஒன்றும் இராது.

எழுதுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது, கையிலுள்ள 2,40,000 ரூபாயை எங்கே கட்டுவது என்பது. டிராக்டர் பறிபோய்விடுமோ என்ற அச்சத்தில் பலர் முதலில் டிராக்டர் தவணையைக் கட்டிவிட்டுப் பயிர்க்கடனை நிலுவையில் விடுகிறார்கள். உங்கள் நிலையில் அது தவறான வரிசை. பயிர்க்கடன் நிலுவையில் நின்றால் அது புதுப்பிக்கப்படாது; வைகாசியில் விதைக்கிழங்கு வாங்கப் பணம் இராது; வெள்ளாமை இல்லாவிட்டால் டிராக்டர் கடனும் அடையாது. மேலும், மூன்று லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி மானியத் திட்டத்தின் கீழ் ஏழு சதவீத வட்டிதான். உரிய நாளுக்குள் கட்டுபவருக்கு அதிலும் மூன்று சதவீதம் ஊக்கத்தொகையாகக் கழியும். நாள் தவறினால் அந்தச் சலுகை போவதோடு, வங்கியின் வழக்கமான வட்டியும் ஏறத் தொடங்கும். ஆகவே பயிர்க்கடனை வட்டியோடு, ஏறத்தாழ 2,14,000 ரூபாய் கட்டி, உரிய நாளுக்குள் முடித்துப் புதுப்பிக்கக் கேளுங்கள். மீதம் 26,000 இருக்கும். டிராக்டர் கடனுக்கு ஆண்டு வட்டி பத்து சதவீதம் என்று கொண்டால், இந்த அரையாண்டு வட்டி 21,000 ரூபாய். அதையும் கட்டிவிடுங்கள். அசலுக்கு அவகாசம் கேட்பவர் வட்டியை முழுதாகக் கட்டியிருக்கிறார் என்பது, மேலாளரின் குறிப்பில் உங்களுக்காகப் பேசும் முதல் வரியாக அமையும். தவணை மாற்றம் டிராக்டர் கடன் ஒன்றுக்கு மட்டும் கேட்டால் போதும்.

இங்கே ஒரு சிக்கலைத் தெரிந்துகொள்ளுங்கள். வங்கி ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாகத் தரம் பிரிப்பதில்லை. கடன் வாங்கியவரையே தரம் பிரிக்கிறது. ஒரு கணக்கு வாராக்கடன் ஆனால், அவர் பெயரில் அந்த வங்கியில் உள்ள மற்றக் கணக்குகளும் அப்படியே ஆகும். ஓராண்டுக்குள் விளையும் பயிர் செய்பவரின் வேளாண் கடன், தவணை தவறி இரண்டு பயிர்ப் பருவம் கடந்தால்தான் வாராக்கடன். அவர் வாங்கிய வேளாண் தவணைக் கடனுக்கும் இதே கணக்குத்தான். மற்றத் தொழில் கடன்களுக்குத் தொண்ணூறு நாள்தான். எனவே மார்ச் தவணை தவறிய மறுநாளே எல்லாம் போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மறுபக்கமும் உண்டு. அரசு இயற்கைப் பேரிடர் என்று அறிவித்த பகுதியில் விதிப்படி தரப்படும் தவணை மாற்றம் கணக்கின் தரத்தைக் கெடுக்காது. அப்படி அறிவிக்கப்படாத இடத்தில், கடன்காரர் சிரமத்தில் இருக்கிறார் என்பதற்காகத் தவணையை மாற்றினால், அந்த மாற்றமே கணக்கைத் தரம் இறக்கிவிடக்கூடும். மேலாளர் தயங்குவது பெரும்பாலும் இதனால்தான். உங்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல.

ஆகவே கடிதம் கொடுக்கும் நாளில் மேலாளரிடம் இரண்டு கேள்விகளை நேராகக் கேளுங்கள். எங்கள் வட்டாரம் இந்தப் பருவத்தில் மழைச் சேதப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால், இந்த மாற்றத்தால் என் கணக்கின் தரம் இறங்குமா, பயிர்க்கடன் புதுப்பிப்பு பாதிக்கப்படுமா? தரம் இறங்கும் என்று அவர் சொன்னால், முறையான தவணை மாற்றத்துக்குப் பதிலாகச் சிறியதொரு கோரிக்கையை வையுங்கள். வட்டியை இப்போதே கட்டிவிட்டு, தவறிய அசலை வரும் அறுவடையில், இரண்டு பருவக் கெடு முடிவதற்குள் கட்ட ஒப்புக்கொள்வதுதான் அது. கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதை மாநில வங்கியாளர் குழு வகுத்த பருவக் கணக்கைப் பார்த்து அவரே சொல்வார். அந்தத் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தவறிய தொகைக்குத் தண்டக் கட்டணம் வரலாம். ஆனால் அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

இனிக் கடிதத்தின் உயிரான பகுதி. விளைச்சல் ஏன் போனது என்பதை மழையின் மேல் மட்டும் போட்டு எழுதாதீர்கள். மேலாளர் ஈரோட்டுக்காரராக இருந்தால், பக்கத்துத் தோட்டத்தில் மஞ்சள் தேறியிருப்பது அவருக்குத் தெரியும். கிழங்கு அழுகல் மண்ணிலும் விதைக்கிழங்கிலும் தங்கியிருக்கும் பூஞ்சையால் வருவது. ஐப்பசி மழையில் பாத்தியில் நீர் தேங்கும்போது அது தலைதூக்கும். அடித்தண்டு நைந்து, இலை ஓரத்திலிருந்து காய்ந்து, கிழங்கைப் பிட்டால் உள்ளே பழுப்பாகக் கூழாகியிருக்கும். ஒரே பூமியில் மஞ்சளுக்குப் பின் மஞ்சளே வைத்து, அதிலிருந்தே விதையும் எடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். தவறை ஒப்புக்கொள்வதால் விண்ணப்பம் பலவீனமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மழை மட்டுமே காரணம் என்றால் அடுத்த ஆண்டும் மழை வரும், அடுத்த ஆண்டும் தவணை தவறும் என்றுதான் படிப்பவர் கணக்கிடுவார். மாற்றக்கூடிய காரணத்தைக் காட்டி, அதை மாற்றிவிட்டதாகச் சொல்லும் கடிதம்தான் மீட்சித் திட்டம் என்ற பெயருக்குத் தகுதி பெறும்.

அந்தத் திட்டத்தை உங்கள் பூமிக்குப் போட்டுப் பார்க்கிறேன். தொகைகளை உங்கள் கணக்குப்படி திருத்திக்கொள்ளுங்கள். அழுகல் கண்ட மூன்று ஏக்கரிலும் அடுத்த பட்டத்தில் மஞ்சள் வைக்காதீர்கள். தீவனப் புல் இருக்கும் ஏக்கருக்கு மஞ்சளை மாற்றி, புல்லை நோய் கண்ட ஓர் ஏக்கருக்குக் கொண்டுவாருங்கள். நோயில்லாத தோட்டத்து விதைக்கிழங்கை வாங்கி, நேர்த்தி செய்து, வடிகால் எடுத்த மேட்டுப்பாத்தியில் நடுங்கள். மீதி இரண்டு ஏக்கரில் ஆடிப் பட்டத்தில் மக்காச்சோளம், அது முடிந்ததும் நிலக்கடலை. மஞ்சளில் ஏக்கருக்கு 18 குவிண்டால், குவிண்டாலுக்கு 12,000 ரூபாய் என்று வைத்தால் 2,16,000 வரும். செலவு 1,50,000 போக 66,000 நிற்கும். மக்காச்சோளமும் நிலக்கடலையும் சேர்ந்து செலவு போக ஏக்கருக்கு 42,000 என்றால் இரண்டு ஏக்கருக்கு 84,000. ஆக வயலில் ஆண்டுக்கு 1,50,000. தென்னையும் பாலும் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும் என்று கொள்கிறேன். அவை தவணைக் கணக்கில் வரக்கூடாது. வீட்டுச் செலவே இல்லாததுபோல் எழுதிய திட்டத்தை எந்த அலுவலரும் நம்பமாட்டார்.

18 குவிண்டால் என்பது நீங்கள் வழக்கமாக எடுப்பதைவிடக் குறைவு. அதை வேண்டுமென்றே குறைத்தேன். விலையையும் அப்படியே செய்யுங்கள். உங்களிடம் உள்ள மூன்று ஆண்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூட ரசீதுகளின் சராசரியை எடுத்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து எழுதுங்கள். மஞ்சள் விலை எப்படி ஏறி இறங்கும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏறிய ஆண்டின் விலையைப் போட்ட திட்டம், படித்த உடனேயே மதிப்பிழந்துவிடும்.

இந்த 1,50,000 முழுவதையும் தவணையாகக் கட்டுவதாகச் சொல்லாதீர்கள். ஒரு போர் மோட்டார் எரிந்தாலே திட்டம் உடைந்துவிடும். நாற்பதாயிரம் கையிருப்பாக விட்டு, ஆண்டுக்கு 1,10,000 கட்டுவதாகக் கேளுங்கள். இப்போதைய ஏற்பாட்டில் ஆண்டு அசல் மட்டுமே 1,40,000. வட்டியோடு பார்த்தால் உங்கள் வயல் தரக்கூடியதைவிட அதிகம். 1,10,000 வீதம் கட்டினால், முதல் ஆண்டில் வட்டி 42,000 போக அசலில் 68,000 குறையும். ஆண்டுதோறும் வட்டி குறைந்து அசல் கூடுதலாகக் கழியும். ஐந்தாம் ஆண்டில் ஏறத்தாழ 1,15,000 கட்டினால் கடன் முடியும். பழைய ஏற்பாட்டில் மூன்று ஆண்டுதான் மீதம், புதியதில் ஐந்து. இதற்கு விலை உண்டு: பழைய தவணையைவிட மொத்தத்தில் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதல் வட்டி போகும். அதைத் தெரிந்துகொண்டே கேளுங்கள். விலை நல்லபடி அமைந்த ஆண்டில் கூடுதலாகக் கட்டி அதைக் குறைக்க முடியும். முன்கூட்டிக் கட்டக் கட்டணம் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தவணைத் தேதியும் தொகைக்குச் சமமாக முக்கியம். மார்ச்சும் செப்டம்பரும் என்ற ஏற்பாட்டில் செப்டம்பர் தவணை தொடக்கத்திலிருந்தே உங்களுக்குப் பொருந்தாதது. அப்போது மஞ்சள் மண்ணுக்குள் இருக்கும். கைப்பணம் களையெடுப்புக்கும் உரத்துக்கும் போய்க்கொண்டிருக்கும். மக்காச்சோளம் விற்ற பணம் கார்த்திகையில் வரும்; மஞ்சள் பணம் பங்குனியில் வரும். எனவே டிசம்பர் 31-இல் 30,000, மார்ச் 31-இல் 80,000 என்று சமமற்ற இரண்டு தவணைகளாகக் கேளுங்கள். அறுவடையை ஒட்டித் தவணை வைப்பது வேளாண் கடனுக்கு இயல்பான முறைதான்; நீங்கள் சலுகை கேட்பதாக எண்ண வேண்டியதில்லை.

கடிதம் ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: டிராக்டர் கடன் கணக்கில் தவணை மாற்றம் கோருதல், பயிர்க்கடன் புதுப்பித்தல் கோருதல்.

தங்கள் கிளையில் மேற்படி இரண்டு கடன்களையும் பெற்றுள்ளேன். டிராக்டர் கடனில் இதுவரை வந்த நான்கு அரையாண்டுத் தவணைகளையும் செலுத்தியுள்ளேன். இந்தப் பருவத்தில் மூன்று ஏக்கரில் பயிரிட்ட மஞ்சள், ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கிக் கிழங்கு அழுகல் நோயால் பாதிக்கப்பட்டு, 24 குவிண்டால் மட்டுமே கிடைத்தது. ஒரே நிலத்தில் தொடர்ந்து மஞ்சள் பயிரிட்டதும், அதே நிலத்து விதைக்கிழங்கைப் பயன்படுத்தியதும் பாதிப்பை அதிகமாக்கின. தோட்டக்கலை அலுவலரின் ஆய்வுக் குறிப்பும், விற்பனை ரசீதுகளும், அடங்கல் நகலும் இணைத்துள்ளேன்.

பயிர்க்கடன் முழுவதையும் வட்டியுடன் உரிய நாளுக்குள் செலுத்துகிறேன். டிராக்டர் கடனின் இந்த அரையாண்டு வட்டியையும் செலுத்துகிறேன். மார்ச் மாத அசல் தவணை 70,000 ரூபாயை இப்போது செலுத்த இயலவில்லை. மீதமுள்ள அசல் 4,20,000 ரூபாயை வட்டியுடன் ஆண்டுக்கு 1,10,000 வீதம், டிசம்பர் 31-இல் 30,000, மார்ச் 31-இல் 80,000 ரூபாய் என, வரும் டிசம்பர் முதல் ஐந்து ஆண்டுகளில் செலுத்த அனுமதி கோருகிறேன். வட்டித் தள்ளுபடியோ அசல் தள்ளுபடியோ கோரவில்லை.

வரும் பருவத்தில் நோய் இல்லாத ஓர் ஏக்கரில் மட்டும் வெளி விதை கொண்டு மஞ்சளும், இரண்டு ஏக்கரில் மக்காச்சோளமும் அதன்பின் நிலக்கடலையும் பயிரிடுகிறேன். எதிர்பார்க்கும் வரவு செலவுக் கணக்கைத் தனித்தாளில் இணைத்துள்ளேன். கடன் ஜாமீன்தாரர் இக்கோரிக்கையை அறிந்து ஒப்பமிட்டுள்ளார். தாங்கள் தோட்டத்தை நேரில் பார்வையிட விரும்பினால் முன்கூட்டித் தெரிவித்தால் போதும்."

தள்ளுபடி கோரவில்லை என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ஒருமுறைத் தீர்வு, சமரசத் தீர்வு என்ற சொற்களைப் பேச்சில்கூட எடுக்காதீர்கள். தவணை மாற்றம் வேறு, குறைத்துக் கட்டிக் கணக்கை முடிப்பது வேறு. இரண்டாவது உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில் பல ஆண்டுகள் நிற்கும் கறை. கூட்டுறவுச் சங்கத்திலோ வேறு வங்கியிலோ நகைக்கடன் இருந்தால் அதையும் தனித்தாளில் எழுதுங்கள். வங்கி அந்த அறிக்கையை எடுத்துப் பார்க்கும்போது நீங்கள் எழுதாத கடன் தென்பட்டால், எழுதியவற்றின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

ஆய்வுக் குறிப்புக்கு உதவி தோட்டக்கலை அலுவலரை இப்போதே அணுகுங்கள். மஞ்சள் தோட்டக்கலைத் துறையின் கீழ் வருவது. வெட்டி முடித்த பூமியைப் பார்த்து அவரால் அதிகம் எழுத முடியாது. அழுகிய கிழங்குக் குவியலோ, அப்போது எடுத்த படங்களோ இருந்தால் காட்டுங்கள். பயிர்க் காப்பீடு செய்திருந்தால் அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள், ஆனால் அந்தப் பணத்தைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். அந்த இழப்பீடு பெரும்பாலும் வட்டார அளவிலான கணக்கில் வருவது. உங்கள் ஒரு தோட்டம் அழுகியதற்காக மட்டும் வராது. மஞ்சள் பரப்பு மூன்று ஏக்கரிலிருந்து ஒன்றாகக் குறைவதால், பயிருக்கு இவ்வளவு என்று மாவட்ட அளவில் வகுத்த கடன் அளவின்படி உங்கள் பயிர்க்கடன் வரம்பு சற்றுக் குறையவும் கூடும். முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் வைகாசியில் திகைக்க வேண்டியிராது.

பயிர்க்கடனைக் கட்டிப் புதுப்பிக்கும் அந்த இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் என்று ஊரில் கைமாற்று வாங்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. உங்களிடம் பணம் இருப்பதால் அதற்கு அவசியமில்லை. புதுப்பிப்பு ஏதோ காரணத்தால் ஒரு வாரம் தள்ளிப்போனால், அந்தக் கைமாற்று கந்துவட்டியாகிவிடும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் அதற்குத் தடைச் சட்டம் இருந்தும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மச்சானிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். தவணை மாற்றத்துக்கான புதிய ஒப்பந்தத்தில் ஜாமீன்தாரரும் கையெழுத்திட வேண்டியிருக்கும். வங்கியிலிருந்து அழைப்பு வந்து அவர் முதன்முதலாகக் கேள்விப்பட்டால், கோபத்தில் மறுத்துவிடக் காரணம் உண்டு. அவர் மறுத்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

கடிதத்தை இரண்டு நகல் எடுத்துச் சென்று, ஒன்றில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால் வங்கியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் முப்பது நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் பதிலே தராமல் இழுத்தடிப்பதைத்தான் அவர் விசாரிப்பார். தவணையை மாற்றித் தருவதும் மறுப்பதும் வங்கியின் வணிக முடிவு என்பதால் அதற்குள் தலையிடமாட்டார்.

ஒப்புதல் வந்ததும் திருத்திய தவணை அட்டவணையை எழுத்தில் வாங்கி, தேதிகளும் தொகைகளும் நீங்கள் கேட்டபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். சேமிப்புக் கணக்கிலிருந்து தவணை தானாகப் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால், அந்தப் பழைய உத்தரவை நிறுத்திப் புதிய தேதிகளுக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் செப்டம்பர் கடைசியில் பழைய தொகையையே பிடிக்கப் பார்த்து, கணக்கில் பணமில்லை என்று திரும்பி, அதற்கும் ஒரு கட்டணம் விழும்.